பார்த்து வரைதல்: மாட்டுத்தொழுவத்திலும் வரையாட்டு மலையிலும் சிறார்க்கான உற்றுநோக்கல் விளையாட்டு

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு எல்லையில் உள்ள கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரப்பதி ஆகிய ஊர்களில் கறவை மாடு இல்லாத தெருவைக் காண்பது அரிது. இடுக்கி மாவட்டத்தின் மூணாறு, தேவிகுளம் பகுதிகளிலோ, தேயிலைத் தோட்டங்களுக்கு மேலே வரையாடுகள் மேயும் புல்வெளிகள் உள்ளன. இவ்விரு பகுதிகளிலும் தமிழ் பேசும் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றன. இங்குள்ள குழந்தைகளுக்கு விலங்குகள் புதியவை அல்ல. ஆயினும், நாள்தோறும் மாட்டைக் காணும் எட்டு வயதுக் குழந்தையிடம், மாட்டின் காது கொம்புக்கு மேலே உள்ளதா, கீழே உள்ளதா என்று வினவினால், விடை தயக்கத்துடனேயே வரும். கண்ணில் படுவது வேறு, உற்றுநோக்குவது வேறு என்பதே இதன் காரணம்.

பண்ணைக்கோ விலங்குக் காட்சிச்சாலைக்கோ தொடக்கப்பள்ளிக் குழந்தைகளை அழைத்துச் செல்லும்போது, ஒரு வரைதாளும் சில வினா அட்டைகளும் இந்த இடைவெளியைக் குறைக்கின்றன. அவற்றை எவ்வாறு ஆயத்தம் செய்வது, எங்கே தவறக்கூடும், தவறியதை எவ்வாறு அறிவது என்பவற்றை இங்கே விளக்குகிறோம். ஆசிரியர்க்கு மட்டுமன்றி, விடுமுறையில் பேரப்பிள்ளைகளை ஊர்த் தொழுவத்துக்கு அழைத்துச் செல்லும் தாத்தா, பாட்டியர்க்கும் இது பயன்படும்.

நினைவில் உள்ள மாடு, எதிரே உள்ள மாடு

வகுப்பறையில் மாடு வரையச் சொன்னால், பெரும்பாலான குழந்தைகள் ஏறத்தாழ ஒரே மாட்டையே வரைவர். பக்கவாட்டு உடல், நேராகப் பார்க்கும் முகம், தலையுச்சியில் காது, அதனருகே இரு கொம்புகள், முதுகில் திமில், தூண்கள் போன்ற நான்கு கால்கள், வயிற்றின் நடுவில் தொங்கும் மடி ஆகியவை அதில் இருக்கும். இது பாடநூல்களிலிருந்தும் பிறர் வரைந்த படங்களிலிருந்தும் மனத்தில் பதிந்த மாடு. அக்குழந்தையின் தெருவில் நிற்கும் மாடு பெரும்பாலும் வேறானது.

கேரளத்தில் இன்று பால் தருபவை பெரும்பாலும் கலப்பின மாடுகள். 1963இல் மூணாறுக்கு அருகில் மாட்டுப்பெட்டியில் தொடங்கிய இந்திய-சுவிட்சர்லாந்து கால்நடைத் திட்டம் இதற்கு வித்திட்டது. அங்கே பிரவுன் சுவிஸ் காளைகளை உள்ளூர் மாடுகளுடன் கலந்து இனப்பெருக்கம் செய்தனர். பின்னர் வேறு அயல் இனங்களும் சேர்க்கப்பட்டு, சுனந்தினி என்னும் கலப்பினம் உருவாயிற்று. கலப்பின மாடுகளுக்கு நாட்டு மாட்டின் உயர்ந்த திமில் இராது. மேலும், கன்றாக இருக்கும்போதே கொம்புக் குருத்தைச் சுட்டுவிடும் வழக்கமும் பல பண்ணைகளில் உண்டு. ஆகவே, எதிரே நிற்கும் மாட்டுக்குத் திமிலும் இல்லை, கொம்பும் இல்லை. அவ்வாறிருந்தும் குழந்தை அவ்விரண்டையும் வரைந்துவிட்டால், அது மாட்டைப் பார்க்கவில்லை, நினைவைப் பார்த்து வரைந்திருக்கிறது என்று அறியலாம். இந்த ஓர் அடையாளமே விளையாட்டு முழுவதற்கும் அளவுகோல்.

வரைவது ஓவியம் கற்பதற்காக அன்று, காண்பதற்காக என்பது பழைய கருத்து. அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் லூயி அகாசி என்னும் பேராசிரியர், சாமுவேல் ஸ்கட்டர் என்னும் மாணவரிடம் பதப்படுத்திய மீன் ஒன்றைக் கொடுத்து, அதைப் பார்த்துக்கொண்டே இருக்கச் சொன்னார். உருப்பெருக்கிக்கும் பிற கருவிகளுக்கும் அனுமதியில்லை. பொழுது போகாமல் மாணவர் அம்மீனை வரையத் தொடங்கினார். அதுவரை கண்ணில் படாத உறுப்புகள் ஒவ்வொன்றாகத் தெரியலாயின. இந்நிகழ்ச்சியை ஸ்கட்டரே 1874இல் எழுதி வைத்தார். கோட்டை எங்கே முடிப்பது என்று கை தயங்கும்போது, கண் மீண்டும் பொருளிடம் செல்கிறது. வரைதாளின் பயன் அந்தத் தயக்கத்தில்தான் உள்ளது.

வரைதாளின் அமைப்பு

ஒரு ஏ4 தாளை நான்கு கட்டங்களாகப் பிரித்தால் போதும்.

முதற்கட்டம், புறப்படும் முன் வகுப்பறையிலோ வீட்டிலோ நிரப்பப்பட வேண்டியது. "உனக்குத் தெரிந்த மாட்டை வரை" என்று சொல்லி ஐந்து நிமிடம் அளிக்கலாம். இதைத் திருத்தவோ பாராட்டவோ வேண்டா.

இரண்டாம் கட்டத்தில், மாட்டின் முதுகுக்கோடும் வயிற்றுக்கோடும் மட்டும் முன்னரே மெல்லியதாக வரையப்பட்டிருக்கும். தலை, காது, கால், வால், மடி ஆகியவற்றைக் குழந்தை தொழுவத்தில் நின்று நிரப்ப வேண்டும். வெறுந்தாளைக் கொடுத்தால், "எனக்கு வரைய வராது" என்று சில குழந்தைகள் ஒதுங்கிவிடுவர். முழு உருவத்தையும் அச்சிட்டுக் கொடுத்தால் வண்ணம் தீட்டும் வேலையாகிவிடும், மாட்டைப் பார்க்கத் தேவையே இராது. பாதி உருவம் இவ்விரண்டுக்கும் நடுவழி.

மூன்றாம் கட்டம் ஓர் உறுப்புக்கு மட்டும் உரியது. கண், குளம்பு, மூக்கு ஆகியவற்றுள் ஒன்றைக் குழந்தையே தேர்ந்து, கட்டம் நிறையும் அளவுக்குப் பெரிதாக வரைய வேண்டும். குளம்பைத் தேர்ந்த குழந்தை, அது இரண்டாகப் பிளந்திருப்பதை மட்டுமன்றி, பின்புறம் சற்று மேலே நிலத்தில் படாத இரு சிறு குளம்புகள் இருப்பதையும் காணும். இவற்றை நெடுநாள் மாடு வளர்த்தவர் சிலரும் எண்ணிப் பார்த்திரார்.

நான்காம் கட்டத்தின் தலைப்பு, "நான் பார்க்காதவை". தேடியும் காணக் கிடைக்காதவற்றை இங்கே எழுத வேண்டும். இக்கட்டம் இல்லாத தாளில் குழந்தைகள் ஊகத்தை எழுதி இடத்தை நிரப்பிவிடுவர்.

எழுதுகோலாகப் பென்சில் ஏற்றது. அழிப்பான் வேண்டா. கோடு தவறினால் பக்கத்தில் இன்னொரு கோடு போடலாம். அழிப்பான் இருந்தால் நேரத்தின் பெரும்பகுதி அழிப்பதில் போய்விடும். பரீட்சை எழுதும் அட்டையில் தாளைச் செருகி, பென்சிலை ஒரு நூலால் அட்டையோடு கட்டிவிட்டால், அது சாணத்திலோ தீவனத் தொட்டியிலோ விழாது.

வினா அட்டைகள்

பழைய திருமண அழைப்பிதழ்களை அஞ்சலட்டை அளவுக்கு வெட்டி, வெறும் பக்கத்தில் வினாவை எழுதிக்கொள்ளலாம். ஒரு குழுவில் நான்கு குழந்தைகள், ஒரு குழுவுக்கு மூன்று அட்டைகள் என்பது நல்ல அளவு. பத்து அட்டைகளைக் கொடுத்தால், முடிக்கும் அவசரத்தில் குழந்தைகள் விலங்கைவிட்டு அட்டையையே பார்ப்பர்.

வினாவை எழுதும் முன் அதை மூன்று சோதனைகளுக்கு உட்படுத்த வேண்டும். விடை வீட்டிலிருந்தே சொல்லக்கூடியதாக இருத்தலாகாது. அறிவிப்புப் பலகையில் எழுதப்பட்டிருத்தலும் ஆகாது. ஐந்து நிமிடக் காத்திருப்பில் கண்ணால் காணக்கூடியதாக இருக்க வேண்டும். "மாடு என்ன உண்ணும்?" என்பது முதற்சோதனையில் தவறுகிறது. "இவ்விலங்கின் அறிவியல் பெயர் என்ன?" என்பது இரண்டாவதில் தவறுகிறது. காட்சிச்சாலைகளில் இத்தகைய வினாத்தாளை ஏந்திய குழந்தைகள் பலகையிலிருந்து பலகைக்கு ஓடுவதைக் காணலாம், கூண்டின் பக்கம் திரும்பியும் பாரார். "மாடு தன் கன்றிடம் அன்பாக இருக்கிறதா?" என்பது மூன்றாவதில் தவறுகிறது. "ஐந்து நிமிடத்தில் மாடு கன்றை எத்தனை முறை நக்குகிறது?" என்று மாற்றினால் அது நல்ல வினாவாகிவிடும்.

தொழுவத்துக்கு ஏற்ற சில அட்டைகளைத் தருகிறோம்:

- மாடு புல்லை எதனால் பற்றுகிறது? பல்லாலா, உதட்டாலா, நாவாலா?
- அசைபோடும்போது தாடை மேலும் கீழும் அசைகிறதா, பக்கவாட்டிலும் அசைகிறதா?
- ஒரு கவளத்தை எத்தனை முறை மென்ற பிறகு விழுங்குகிறது?
- படுத்திருக்கும் மாடு எழும்போது முதலில் எழுவது முன்காலா, பின்காலா?
- மாட்டின் மடியில் எத்தனைக் காம்புகள்? ஆட்டின் மடியில் எத்தனை?
- ஆட்டின் கண்ணில் உள்ள கரும்பகுதி என்ன வடிவம்? பூனையின் கண்ணிலிருந்து எவ்வாறு வேறுபடுகிறது?

அழைத்துச் செல்லும் பெரியவர்க்காக விடைகளைச் சுருக்கமாகச் சொல்கிறோம். மாட்டுக்கு மேல்தாடையின் முன்புறத்தில் பற்கள் இல்லை, தடித்த ஈறே உள்ளது. ஆதலால், நீண்ட புல்லை நாவால் சுற்றி வாய்க்குள் இழுத்துக் கீழ்ப்பற்களுக்கும் ஈறுக்கும் இடையே பற்றி அறுக்கிறது. அசைபோடும் தாடை பக்கவாட்டில் அரைக்கிறது. எழும்போது மாடு முன்முழங்காலை ஊன்றி, பின்பகுதியை முதலில் தூக்கும். குதிரை இதற்கு மாறாக முன்காலை முதலில் ஊன்றி எழும். மாட்டுக்கு நான்கு காம்புகள், ஆட்டுக்கு இரண்டு. வெளிச்சத்தில் ஆட்டின் கண்மணி கிடைமட்டக் கட்டமாகவும், பூனையினது செங்குத்துக் கோடாகவும் தெரியும். இவ்விடைகளை முன்கூட்டியே குழந்தைகளிடம் சொல்லிவிட்டால் விளையாட்டு அங்கேயே முடிந்துவிடும்.

ஓர் அட்டை, நான்கு விடைகள்

இவற்றுள் அசைபோடும் அட்டையைச் சற்று விரிவாகப் பார்ப்போம். மாடு உண்ட தீவனம் முதலில் அரைகுறையாக மெல்லப்பட்டே வயிற்றுக்குள் செல்கிறது. பின்னர் ஓய்வாக இருக்கையில் சிறு கவளங்களாக வாய்க்குத் திரும்புகிறது. கவளம் மேலேறுவதைக் கழுத்தில் ஓடும் ஒரு சிறு அசைவாகக் காணலாம். மாடு அதை ஏறத்தாழ 40 முதல் 70 முறை மெல்லும், இதற்கு ஒரு நிமிட அளவு ஆகும். பிறகு விழுங்கும். தாடை சில நொடிகள் அசையாது நிற்கும். அடுத்த கவளம் வரும்.

மூன்றாம் வகுப்புக் குழந்தைகள் நால்வர் ஒரே மாட்டை எண்ணி, 52, 54, 31, 60 என்று எழுதியதாகக் கொள்வோம். பெரியவர் இங்கே, "சரியான விடை எது?" என்று கேட்கலாகாது. "31 எப்படி வந்தது?" என்று கேட்க வேண்டும். பெரும்பாலும் அக்குழந்தை, மாடு பாதி மென்ற நிலையில் எண்ணத் தொடங்கியிருக்கும். அப்படியானால் எண்ணிக்கையை எங்கே தொடங்குவது? தாடை நின்று மீண்டும் அசையும் கணத்தில் தொடங்க வேண்டும் என்பதைக் குழந்தைகளே கண்டுகொள்வர். 60 என்று எழுதிய குழந்தையோ உண்மையாகவே எண்ணியதா, முழு எண்ணாகத் தோராயமிட்டதா என்பது மறுமுறை எண்ணும்போது தெரியும். இரண்டாம் சுற்றில் நால்வரும் ஒரே கணத்தில் தொடங்கினால் எண்கள் நெருங்கி வரும், ஆனால் முற்றிலும் ஒன்றாகிவிடா. அடுத்த கவளத்துக்கோ எண்ணிக்கை வேறாக இருக்கும். அளவிடும் முறையில் வரும் வேறுபாடு ஒன்று, மாட்டிடமே உள்ள வேறுபாடு இன்னொன்று. இவ்விரண்டையும் பிரித்தறிதல் அறிவியலின் அடிப்படை. எட்டு வயதுக் குழந்தை அதைத் தொழுவத்தில் கற்றுக்கொள்கிறது.

நால்வரும் முதற்சுற்றிலேயே 50 என்று ஒன்றுபோல் எழுதியிருந்தால் மகிழ வேண்டா. ஒருவர் எழுதியதை மற்றவர் பார்த்து எழுதியிருப்பர். ஆகையால், எண்ணி முடியும் வரை தாளைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொள்ளுதல் என்பதை விளையாட்டின் விதியாக வைப்பது நல்லது.

இந்த அட்டைக்கு நேரம் முக்கியம். காலையில் பால் கறந்து, தீவனமிட்டபின் மாடுகள் படுத்து அசைபோடும் முற்பகல் பொழுதே ஏற்றது. தீவனமிடும் நேரத்தில் சென்றால் நாவால் புல் இழுக்கும் அட்டை பயன்படும், அசைபோடும் அட்டை பயன்படாது. எந்நேரத்தில் எது நடக்கும் என்பதை மாட்டின் உரிமையாளரிடம் முந்தின நாளே கேட்டறிந்து அட்டைகளைத் தேர்ந்துகொள்ள வேண்டும்.

தொழுவத்தில் நிற்கும் முறை

மாட்டின் கண்கள் தலையின் இருபக்கமும் அமைந்திருப்பதால் அதன் பார்வை மிக அகன்றது, ஆனால் நேர் பின்புறம் அதற்குத் தெரியாது. அங்கே திடீரென ஒலி எழுந்தால் உதைக்கக்கூடும். ஆகையால், குழந்தைகள் மாட்டின் பக்கவாட்டில், கட்டுக்கயிற்றின் நீளத்துக்கு அப்பால், மாடு தங்களைக் காணும்படி அமர வேண்டும். தரையில் சுண்ணாம்புக் கோடு ஒன்று இட்டு, அதைத் தாண்டலாகாது என்று சொன்னால் போதும். புதிதாக ஈன்ற மாட்டின் அருகிலும் நோயுற்ற விலங்கின் அருகிலும் செல்லலாகாது. திரும்பும்போது, எதையும் உண்ணும் முன் சோப்பால் கைகழுவ வேண்டும். பென்சிலை வாயில் வைக்கும் பழக்கமுள்ள குழந்தைக்கு இதை முன்னரே சொல்லிவைக்க வேண்டும்.

மொத்த நேரம் 45 நிமிடத்தைத் தாண்ட வேண்டா. முதல் ஐந்து நிமிடம் தாளும் அட்டையும் இன்றிச் சும்மா பார்க்கட்டும். புதியவர் வந்த பரபரப்பு மாட்டுக்கும் அடங்க வேண்டும்.

ராஜமலையில் இதே விளையாட்டு

தொழுவத்தில் பழகிய குழந்தைகளை அடுத்த படியாக மூணாறுக்கு அருகே உள்ள இரவிகுளம் தேசியப் பூங்காவுக்கு அழைத்துச் செல்லலாம். 97 சதுர கிலோமீட்டர்ப் பரப்புள்ள இவ்விடம் 1978இல் தேசியப் பூங்காவாயிற்று. பார்வையாளர்க்குத் திறந்துள்ள ராஜமலைப் பகுதிக்கு வனத்துறைப் பேருந்தில் சென்று, சாலையோரமாக நடந்து வரையாடுகளைக் காணலாம். குட்டி ஈனும் பருவத்தையொட்டி ஆண்டுதோறும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் இப்பகுதி மூடப்படும். ஏப்ரலில் திறந்தபின் சென்றால் தாயோடு திரியும் குட்டிகளையும் காணும் வாய்ப்பு உண்டு.

பெயரிலிருந்தே முதல் அட்டையைத் தொடங்கலாம். தமிழிலும் மலையாளத்திலும் இதன் பெயர் வரையாடு. 'வரை' என்பது தமிழில் மலை. மலையாளத்திலோ 'வர' என்றால் கோடு. ஆதலால், இருமொழியும் பழகிய எல்லைப்புறக் குழந்தைகள் உடலில் கோடுள்ள ஆடு என்று எண்ணுவதுண்டு. "இதன் உடலில் கோடுகள் உள்ளனவா? எங்கே நிற்கிறது?" என்னும் அட்டை, பெயரின் பொருளை விலங்கையே பார்த்துத் தீர்மானிக்கச் செய்கிறது.

அடுத்தது கொம்பு அட்டை. "எல்லா ஆடுகளுக்கும் கொம்பு உள்ளதா? கொம்பு முறுக்கியிருக்கிறதா, பின்னோக்கி வளைந்திருக்கிறதா?" ஆண், பெண் இரண்டுக்கும் கொம்பு உண்டு. அது முறுக்கின்றிப் பின்னோக்கி வளையும், ஆணுக்குத் தடிப்பாக இருக்கும். முதிர்ந்த ஆணின் உடல் கருமை கலந்த பழுப்பு, முதுகில் சேணமிட்டாற்போல் வெளிர்நிறத் திட்டு. கொம்பை வைத்தே ஆணென்று முடிவு செய்த குழந்தை இங்கே தன் விடையைத் திருத்திக்கொள்ளும்.

மூன்றாவது, காத்திருப்பு அட்டை. "மேயும் ஓர் ஆட்டைத் தேர்ந்துகொள். ஐந்து நிமிடத்தில் எத்தனை முறை தலைநிமிர்ந்து பார்க்கிறது?" கூட்டத்தின் நடுவே மேய்வதற்கும் ஓரத்தில் மேய்வதற்கும் வேறுபாடு உள்ளதா என்று இரு குழுக்களின் எண்களை ஒப்பிடலாம். ஒரு நாளின் எண்களைக் கொண்டு உறுதியான முடிவு சொல்ல இயலாது என்பதையும் குழந்தைகளிடம் சொல்ல வேண்டும்.

ராஜமலையில் இரு தடைகள் உண்டு. ஒன்று மூடுபனி. சில நிமிடங்களில் மலையே மறைந்துபோகும். அதற்கென இரண்டு அட்டைகளைத் தனியே வைத்திருப்பது நல்லது: "கண்ணை மூடிக்கொண்டு இரண்டு நிமிடத்தில் எத்தனை வகை ஒலிகள் கேட்கிறாய்?", "சாலையோரப் புல்லில் மேய்ந்த அடையாளம் உள்ளதா?" மற்றொன்று, மனிதர்க்குப் பழகிய ஆடுகள் மிக அருகில் வந்துவிடுவது. அப்போது குழந்தைகள் தொடவும் தின்பண்டம் கொடுக்கவும் முனைவர். உணவுக்காக மனிதரை நாடும் ஆடு தன் இயல்பான மேய்ச்சலை விடுகிறது, நம் உணவால் நோயும் வரக்கூடும். ஆடு அருகில் வந்தால் நாம் பின்வாங்க வேண்டும் என்பதையும் ஒரு விதியாக அட்டையிலேயே எழுதிவிடலாம்.

மறுநாள் இருபது நிமிடம்

திரும்பி வந்த மறுநாள், தாள்களைத் தரையில் பரப்பி, முதற்கட்டத்தையும் இரண்டாம் கட்டத்தையும் அருகருகே பார்க்கச் சொல்ல வேண்டும். எது அழகு என்று கேட்க வேண்டா. "எதை மாற்றி வரைந்தாய்? ஏன்?" என்பது மட்டுமே வினா. காது கொம்பின் கீழே இறங்கியிருக்கலாம், மடி பின்கால்களுக்கிடையே நகர்ந்திருக்கலாம், இல்லாத திமில் மறைந்திருக்கலாம். ஒன்றும் மாறாத தாளும் சில இருக்கும். அக்குழந்தைகள் தொழுவத்தில் தாளையே பார்த்துக்கொண்டிருந்தனர் என்பதே பொருள். அடுத்த முறை அவர்களுக்கு முழு உருவம் வேண்டா, ஓர் உறுப்பு வரையும் கட்டத்தை மட்டும் கொடுத்துப் பார்க்கலாம்.

"நான் பார்க்காதவை" என்னும் கட்டத்தை இறுதியில் எடுத்துக்கொள்ள வேண்டும். மாடு எழுந்ததைக் காணவில்லை என்று பலர் எழுதியிருந்தால், அவ்வட்டையை வீட்டுக்குக் கொடுத்தனுப்பலாம். எல்லைப்புற ஊர்களில் அடுத்த வீட்டிலோ அதற்கடுத்த வீட்டிலோ ஒரு மாடு படுத்திருக்கும். அது எழும் வரை காத்திருந்து பார்த்து வருவது குழந்தையின் வேலை.